கன்வெர்ஷன் 31, வாங்கினது 4 பேர்

"பாத்திரக் கடை வெச்சிருக்கேன். ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 6,000 ரூபாய் ஆச்சு. ரிப்போர்ட்ல இம்ப்ரெஷன் 48,000, கிளிக் 620, கன்வெர்ஷன் 31. வாங்கினது நாலே பேர். ஏமாத்துறாங்களா?"

ஏமாத்துறாங்கன்னு இதை வெச்சு சொல்ல முடியாதுண்ணே. இம்ப்ரெஷன் 48,000ங்கிறது ஆள் கணக்கு இல்லை, விளம்பரம் திரையில எத்தனை தடவை வந்துச்சுங்கிற கணக்கு. உங்க கடை போர்டை ஒரே ஆள் தினம் மூணு தடவை தாண்டிப் போனா மூணுன்னு எண்ணுற மாதிரி. ஆள் கணக்குக்கு ரீச்னு தனி எண் இருக்கும், கேளுங்க.

620ஐ 48,000ஆல வகுத்தா கிளிக் ரேட் சுமார் 1.3 சதவீதம். இங்கதான் ஒரு சூட்சுமம். `Clicks (all)`னு இருந்தா லைக் போட்டது, குக்கர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தது எல்லாம் அதுல சேரும். `Link clicks` எவ்வளவுன்னு பாருங்க.

கன்வெர்ஷன்னா விற்பனைன்னு நினைச்சுட்டீங்க. விளம்பரம் போடும்போது எதை எண்ணச் சொன்னாங்களோ அதான் கன்வெர்ஷன். உங்களுக்கு அநேகமா வாட்ஸ்அப்ல பேச்சு ஆரம்பிச்சதை எண்ணியிருப்பாங்க. "விலை என்ன"ன்னு கேட்டுட்டுப் போனவரும் அதுல ஒண்ணு. கடையில காசு கொடுத்து வாங்குறது, நீங்க பதிஞ்சு அனுப்பாத வரை ஃபேஸ்புக்குக்குத் தெரியாது.

ரிப்போர்ட் கணக்குல ஒரு கன்வெர்ஷனுக்கு சுமார் 194 ரூபாய். உங்க கல்லாக் கணக்குல ஒரு விற்பனைக்கு 1,500. நாலு பேரும் வெறும் டம்ளர் வாங்கியிருந்தா நஷ்டம்; கல்யாணச் சீர் வாங்கியிருந்தா பரவாயில்லை.

வாட்ஸ்அப்பைத் திறந்து அந்த 31 பேரையும் பாருங்க. எத்தனை பேருக்கு நீங்க பதிலே போடலை?