வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி: ஒரு வகுப்பறை, நாலு மேசை, மூன்று பூட்டு

கேள்வி: தூத்துக்குடி பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், குறித்த நேரத்துக்குள் புதிர்களை விடுவித்துப் பூட்டுகளைத் திறக்கிற 'எஸ்கேப் ரூம்' விளையாட்டு போடலாம் என்கிறார்கள். வ.உ.சி. கப்பல் விட்ட கதையை வைத்துச் செய்ய ஆசை. ஒரு வகுப்பறையும் ஐயாயிரம் ரூபாயும் கிடைக்கும். ஒத்திகை பார்த்தபோது வினாடி வினா போட்டி மாதிரிதான் இருந்தது. நிறைய பேர் வருவார்கள் என்பது வேறு பயம். எப்படி அமைப்பது?

பதில்: 1872, 1906 என்று ஆண்டுகளைப் பூட்டின் எண்ணாக வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உள்ளூர்க் கதையை எடுப்பவர்கள் முதலில் விழுகிற குழி அதுதான். வ.உ.சி. பிறந்த ஆண்டு தெரிந்தவர் உள்ளே நுழைந்த உடனே திறந்துவிடுவார். தெரியாதவர் அறை முழுக்கத் துழாவினாலும் திறக்க முடியாது. திறக்கத் தேவையான எல்லாமே மேசை மேல் இருக்க வேண்டும், வரலாற்றுப் பாடத்தில் படித்த எதுவும் பூட்டுக்கு உதவக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் கதை எதற்கு என்று கேட்பீர்கள். கதைக்குள் மனிதர்கள் உண்மையிலேயே செய்த வேலையைத்தான் புதிராக்க வேண்டும். சுதேசி நாவாய்ச் சங்கம் அதற்கு வாகான கதை, ஏனென்றால் அது முழுக்கக் கணக்குப் புத்தகமும் ரசீதும் கட்டண நோட்டீசுமாக நடந்த சண்டை. 1906-இல் பதிவான கம்பெனி. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி-கொழும்புத் தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது, இவர்கள் எட்டணாவாக இறக்கினார்கள். கடைசியில் அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், ஏறினால் குடையும் தருகிறோம் என்றார்கள். இந்த மூன்று விஷயங்களிலிருந்து மூன்று பூட்டு செய்யலாம்.

புதிருக்கு முன்னால் கூட்டக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அறையையே ஒரு விளையாட்டாக்கினால், விதி சொல்ல இரண்டு நிமிடம், ஆட்டம் பத்து, மறுபடி அடுக்க மூன்று என்று ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் போகும். குழுவுக்கு ஐந்து பேர் என்றால் மணிக்கு இருபது பேர்தான் ஆடுவார்கள், மற்றவர்கள் வராண்டாவில் வரிசையில் நிற்பார்கள். அதனால் அறையை மறந்துவிட்டு மேசைக்கு வாருங்கள். ஒரே அறையில் நாலு மேசை, நாலிலும் ஒரே விளையாட்டு, ஒரே நேரத்தில் தொடக்கம். மணிக்கு எண்பது பேர் ஆடலாம். மேசைக்கு ஒரு மாணவர் பொறுப்பு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். குழுவினர் கம்பெனியில் அன்று காலை வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாக்கள். பத்து நிமிடத்தில் கப்பல் புறப்படும், அதற்குள் கணக்கை முடித்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். முன்கதை இவ்வளவு போதும், நீட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பூட்டு பங்கு ரசீது. ஐந்து ரசீதுகள், ஆளுக்கு ஒன்று கையில் வரும். எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். மேசைக்கு எதிரே ஒரு கடிகாரப் படம், அதில் ௧ முதல் ௧௨ வரை. கடிகாரத்தில் எந்த இடத்தில் எந்த எண் என்பது எல்லாருக்கும் தெரியுமாதலால், அதுவே எழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிடும். பத்தாம் இடத்தில் ௧௦ என்று போட்டால் சுழியமும் கிடைத்துவிடும். ரசீதுகளில் ௩ பங்கு ௭௫ ரூபாய், ௮ பங்கு ௨௦௦, ௬ பங்கு ௧௫௦, ௭ பங்கு ௧௬௫, ௧௨ பங்கு ௩௦௦ என்று இருக்கட்டும். ஒவ்வொருவரும் தன் ரசீதைப் படித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் பங்கு 25 ரூபாய் என்பது தானாக வெளிவரும். ஏழு பங்குக்கு 175 வர வேண்டிய இடத்தில் 165 இருக்கிறது. அந்தப் போலி ரசீதின் வரிசை எண் ௪௨௮, பூட்டு 428-இல் திறக்கும். தமிழ் எண் பழகாதவர்கள் ௭௫ என்பதை 'எரு' என்று வாசிப்பார்கள். வாசிக்கட்டும், அந்தச் சிரிப்புதான் மேசையைச் சூடாக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் எருவிலேயே நின்றால் பொறுப்பு மாணவர் "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது பூட்டு டிக்கெட் கணக்கு. முதல் பூட்டு போட்டிருந்த துணிப் பவுச்சுக்குள் இரண்டு கம்பெனிகளின் கட்டண நோட்டீசுகள், ஒரு பயணிகள் பட்டியல், பழைய பேரேட்டுத் தாள் ஒன்று. பேரேட்டில் ரூ., அ., பை. என்று மூன்று கட்டம். மூன்று இலக்கப் பூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்காது. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று தாளின் மேலேயே அச்சிட்டிருங்கள். பெரியவர் ஏழு பேர், தலைக்கு எட்டணா, 56 அணா. பிள்ளைகள் மூன்று பேர், பாதிக் கட்டணம், 12 அணா. மூட்டை மூன்று, மூட்டைக்கு 7 பை, 21 பை, அதாவது 1 அணா 9 பை. மொத்தம் 69 அணா 9 பை. நாலு ரூபாய்க்கு 64 அணா போக மீதி ஐந்து. ஆக 4-5-9. பத்துப் பத்தாகப் பழகிய பிள்ளைகள் 69 அணாவை 6 ரூபாய் 9 அணா என்று எழுதி 699 முயல்வார்கள். பொறுப்பு மாணவருக்கு இந்தத் தவறான விடையையும் சொல்லி வைத்துவிடுங்கள். 699 என்று சுற்றுவதைப் பார்த்தாலே எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடும், "ரூபாய்க்கு எத்தனை அணா?" என்று ஒரே கேள்வி கேட்டால் சரியாகும்.

கூட்டல் போட சிலேட்டும் குச்சியும் கொடுங்கள். பேனா கொடுத்தால் முதல் குழு ரசீதிலேயே விடையை எழுதிவிட்டுப் போகும்.

மூன்றாவது பூட்டுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு கறுப்புக் குடை விரித்துத் தொங்கட்டும். எல்லாரும் அலங்காரம் என்றே நினைப்பார்கள். இரண்டாவது பவுச்சில் வருகிற துண்டுச் சீட்டில் 'அவர்கள் இலவசமாகக் கொடுத்ததை அண்ணாந்து பார்' என்று ஒரே வரி. நோட்டீசை ஒழுங்காகப் படித்தவர் உடனே மேலே பார்ப்பார். எட்டுக் கம்பிக் குடைக்கு எட்டுப் பட்டை, பட்டைக்கு ஓர் எழுத்து: ஒ, ட், ட, ப், பி, டா, ர, ம். வட்டமாக இருப்பதால் எங்கே தொடங்குவது என்பதுதான் புதிர். புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது, ட, ர வரிசையும் வராது என்ற இலக்கணப் பாடம் இங்கே வேலைக்கு வரும். ஊர்ப் பெயர் கிடைத்ததும் மேசையிலுள்ள கையால் வரைந்த வரைபடத்தில் ஒட்டப்பிடாரத்தைத் தேட வேண்டும். எட்டயபுரம், கயத்தாறு, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என்று ஏழெட்டு ஊர்கள், ஒவ்வொன்றின் கீழும் மூன்று இலக்க எண். வ.உ.சி. பிறந்த ஊர் என்று சிலர் ஊகித்து முந்துவார்கள். சீட்டு வரும்வரை எந்த ஊரைத் தேடுவது என்று தெரியாதாகையால் அது ஆட்டத்தைக் கெடுக்காது.

குடையை மின்விசிறியில் கட்டாதீர்கள், யாராவது சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு இழுத்து, பெரியவர் தலை இடிக்காத உயரத்தில் கட்டுங்கள்.

பக்கத்து மேசைக்காரர் விடையைக் கத்துவார், அதற்கு வழி உண்டு. குடையிலுள்ள சொல் நாலு மேசையிலும் ஒன்றாக இருக்கலாம். போலி ரசீதின் எண், பயணிகள் பட்டியல், வரைபட எண்கள் மூன்றும் மேசைக்கு மேசை மாறட்டும்.

செலவில் பெரும்பகுதி பூட்டுதான். மேசைக்கு மூன்று, நாலு மேசைக்குப் பன்னிரண்டு, உபரியாக மூன்று. சூட்கேஸுக்குப் போடுகிற சின்ன மூன்று இலக்கப் பூட்டு போதும், மலிவு. பெட்டியெல்லாம் வாங்க வேண்டாம். எதிரெதிரே இரண்டு ஜிப் உள்ள துணிப் பவுச் எடுத்து, இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்துப் பூட்டைப் போட்டால் பெட்டிதான். கடைசிக்கு மட்டும் ஒரு தகரப் பெட்டி. பூட்டை வரிசையாகச் சுற்றித் திறந்துவிடுவார்களோ என்று கவலைப்பட வேண்டாம். ஆயிரம் எண்கள், நொடிக்கு ஒன்று முயன்றாலும் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆட்டமோ பத்து நிமிடம். உண்மையான தொல்லை வேறு. இந்த வகைப் பூட்டு பலவற்றில் திறந்த நிலையில் கொக்கியை அழுத்திச் சுற்றினால் எண்ணே மாறிவிடும். பிள்ளைகள் கைக்கு அதுதான் முதலில் வரும். பூட்டு திறந்த மறுநொடி பொறுப்பு மாணவர் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி பூட்டும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவர் வேலை.

அறைக் கதவைப் பூட்டவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரில் இப்படியொரு விளையாட்டு அறையில் தீப்பிடித்து, வெளியே வர முடியாமல் ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். பழைய காலத் தோற்றம் வேண்டும் என்று கீற்றும் விளக்கும் வைக்க யாராவது யோசனை சொல்வார்கள். 2004-க்குப் பிறகு கும்பகோணத்தை மறந்தவர் நம் ஊர்ப் பள்ளிகளில் இருக்க முடியாது. இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையை இதுவரை விளையாட்டைப் பார்க்காத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒன்று, பெற்றோர்களை வைத்து ஒன்று நடத்துங்கள். வாயைத் திறக்காமல் நின்று, ஒவ்வொரு பூட்டும் எத்தனையாவது நிமிடத்தில் திறந்தது என்று மட்டும் குறியுங்கள். முதல் பூட்டு நாலு நிமிடத்துக்குள் திறக்காவிட்டால் எண்கள் சின்னதாக இருக்கின்றன அல்லது கடிகாரம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். புதிரை மாற்ற வேண்டாம், கடிகாரத்தை நகர்த்துங்கள்.

செக்கிழுத்ததை மட்டும் விளையாட்டாக்காதீர்கள். செக்கைச் சுற்றி நம்பர் எடுப்பது மாதிரி ஒரு புதிர் பிள்ளைகள் கட்டாயம் யோசிப்பார்கள், அதைச் சிரித்துக்கொண்டே ஆடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆட்டம் 1907-இல் கப்பல் புறப்படுவதோடு நிற்கட்டும். தகரப் பெட்டிக்குள் ஓர் அட்டை வையுங்கள், குழு அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முன்பக்கம் பிறகு நடந்தது: 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, 1911-இல் கம்பெனி கலைப்பு, 1912 டிசம்பரில் விடுதலை. பின்பக்கம் இரண்டு பத்தி. 25 ரூபாய்ப் பங்கு, எட்டணாக் கட்டணம், இலவசக் குடை ஆகியவை வரலாறு. போலி ரசீது, பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், மூட்டைக் கூலி ஆகியவை எட்டாம் வகுப்பு சேர்த்தவை.