ரத்தமே வரவில்லை, குரங்கு கடிக்கு ஊசி தேவையா?

"அழகர்கோவிலில் குரங்கு தேங்காய் மூடியைப் பிடுங்கும்போது கையில் பல் பட்டது. ரத்தம் வரவில்லை. ஊசி போடணுமா? வௌவால் பட்டாலும் இதேதானா?"

தோலில் சிராய்ப்போ பல் பதிந்த தடமோ இருந்தால் போட வேண்டும். ரேபிஸ் என்பது விலங்கின் எச்சிலில் வரும் கிருமியால் மூளையைத் தாக்கும் நோய். அது ரத்தத்தில் பயணிப்பதில்லை, நரம்பைப் பிடித்துத்தான் மூளைக்கு ஏறுகிறது, அதனால் ரத்தம் வந்ததா என்பது முதல் கேள்வியே இல்லை. எச்சில் உள்ளே போக வழி இருந்ததா என்பதுதான். எலுமிச்சை பிழியும்போது எரிந்த பிறகுதானே விரலில் கீறல் இருப்பதே நமக்குத் தெரிகிறது, அந்த அளவு கீறலே போதும்.

முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பு, சோப்பில் கரைந்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம் அன்றைக்கே அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை அங்கேயே அடக்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். காயமில்லாத தோலை நக்கியது மட்டும் என்றால் கழுவினால் போதும்.

வௌவாலின் பல் ஊசிமுனை மாதிரி, தடமே தெரியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அது நேரடியாக உடலில் பட்டதையே கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"பத்து நாள் பார்ப்போம், குரங்கு சாகலைன்னா பயமில்லை" என்பார்கள். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான்.