வெளிச்சத்தைக் குறைத்தோம், தலைவலி கூடிவிட்டது!

கேள்வி: போன தீபாவளிக்கு 43 அங்குல எல்இடி டிவி வாங்கினோம். அப்பத்தா ராத்திரி இரண்டு சீரியல் பார்த்து எழுந்தால் நெற்றி வலிக்கிறது, கண் எரிகிறது என்கிறார். கண் கூசுகிறதோ என்று வெளிச்சத்தை 20க்குக் குறைத்து வைத்தோம். அதற்கப்புறம் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. கண்ணாடியும் மாற்றியாயிற்று. டிவியைத்தான் மாற்ற வேண்டுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு துப்பு இருக்கிறது. குறைத்த பிறகுதான் கூடியது என்கிறீர்களே, அதுதான்.

எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் எரிகின்றன. அவற்றின் வெளிச்சத்தை இரண்டு விதமாகக் குறைக்கலாம். ஒன்று, விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைப்பது. விளக்கு அணையாமல் மங்கலாக எரியும். இதை டிசி டிம்மிங் என்பார்கள். இன்னொன்று, விளக்கை முழு வெளிச்சத்திலேயே வைத்து, படுவேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவது. இது பி.டபிள்யூ.எம். பல டிவிகளில் இருப்பது இரண்டாவது வழிதான்.

உங்கள் டிவி விநாடிக்கு 240 தடவை சிமிட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.2 மில்லிவிநாடி. வெளிச்சம் 100 என்றால் விளக்கு அணைவதே இல்லை. 20 என்றால் 0.8 மில்லிவிநாடி எரிந்து, மீதி 3.3 மில்லிவிநாடி இருட்டாகக் கிடக்கும். இவ்வளவு வேகமான சிமிட்டல் நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் எழுத்து படிக்கும்போதும், ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவும்போதும் கண் நகர்கிறதே, அப்போது இந்த இருட்டு இடைவெளிகள் விழித்திரையில் துண்டு துண்டாகப் பதியும். எல்லாரையும் இது படுத்தாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதிகம் உறைக்கும். அதே டிவி உங்களை ஒன்றும் செய்யவில்லை என்பதால் அப்பத்தா சொல்வது பொய்யாகிவிடாது.

சோதித்துவிடலாம். டிவியில் வெள்ளையான படம் ஒன்றை வையுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி பல்புகளே விநாடிக்கு 100 தடவை சிமிட்டும், குழப்பிவிடும். கைப்பேசி கேமராவில் Pro என்ற பகுதிக்குப் போய், ஷட்டர் வேகத்தை 1/2000க்கு வைத்துத் திரையைப் பாருங்கள். டிவி வெளிச்சம் 20ல் கருப்புப் பட்டைகள் தெரிந்து, 100ல் மறைந்தால் நம் சந்தேகம் சரி. கைப்பேசியில் Pro இல்லையா? வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலாகத் தெரியாமல் விசிறி மாதிரி தனித்தனியாகத் தெரிந்தால் அதுவும் சிமிட்டல்தான்.

அப்படியானால் மருந்து தலைகீழ். Backlight என்பதை 90, 100 என்று ஏற்றுங்கள். கூசினால் Contrast என்பதைக் குறையுங்கள். அது விளக்கைத் தொடாது. திரை வழியாக வரும் ஒளியை மட்டும் மட்டுப்படுத்தும். கருப்பு கொஞ்சம் சாம்பலாகும், மின்சாரமும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மங்கும் வசதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் ராத்திரி அதுவே மறுபடி குறைத்துவிடும். அசைவைத் தெளிவாக்குகிறேன் என்று Clear Motion போன்ற பெயரில் ஒன்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சிலவற்றில் அது வேண்டுமென்றே நடுநடுவே திரையை இருட்டாக்கும்.

இன்னொன்று. பட்டாலையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்க்கிறீர்களோ? நம் வீடுகளில் முற்றத்தைத் தாண்டினால் ராத்திரி கும்மிருட்டு. அதில் ஏற்றிய திரை நிச்சயம் கூசும். டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன விளக்கைப் போடுங்கள். அதையும் அதே கேமராவில் சோதித்துவிட்டு! எதிரே போட்டால் ஆத்தங்குடிக் கல் தரை பளபளவென்று திருப்பி அடிக்கும்.

ஒரு வாரம் பாருங்கள். குறைந்தால் டிவி இருக்கட்டும். கேமராவில் பட்டையே தெரியவில்லை, மாற்றியும் வலி அப்படியே என்றால் காரணம் வேறு. கண் உலர்வா, இரத்த அழுத்தமா என்று மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், காரைக்குடியில் எந்தக் கடைக்குப் போனாலும் ரிமோட்டை வாங்கி Backlight 20க்கு இறக்கி, இதே சோதனையைச் செய்யுங்கள். கடையில் எல்லா டிவியும் உச்ச வெளிச்சத்தில் ஓடும். அங்கே சிமிட்டல் மறைந்துதான் இருக்கும். அட்டைப்பெட்டியிலும் பெரும்பாலும் இதைப் போடமாட்டார்கள். விற்பவர் முகத்தைச் சுளித்தாலும் கைப்பேசியை எடுக்கத் தயங்காதீர்கள். ஓஎல்இடி வாங்கச் சொல்வார்கள். அதில் பின்விளக்கு கிடையாது, சிமிட்டல் மிகச் சிறியதுதான். ஆனால் சீரியலுக்காக அந்த விலை கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.