குளிரில் உறைந்த பேட்டரிக்கு வேகச் சார்ஜ் ஏன் ஏறவில்லை?

கேள்வி: ஸ்கார்பரோவில் அடுக்குமாடியில் இருக்கிறோம், வீட்டில் சார்ஜர் இல்லை. எங்கள் மின்காரின் பேட்டரி 77 கிலோவாட் மணி. இரவு முழுக்க வெளியே, மைனஸ் 18 டிகிரியில் நின்ற காரைக் காலையில் 10 நிமிட தூரத்தில் இருக்கிற 150 கிலோவாட் வேகச் சார்ஜருக்குக் கொண்டுபோனால் 25 கிலோவாட்தான் ஏறுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா? பேட்டரிக்குச் சூடேற்றும் உறை போடலாம் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். சார்ஜுக்கு முன் பேட்டரியைச் சூடாக்கும் ‘ப்ரீகண்டிஷனிங்’ போட்டும் வித்தியாசம் தெரியவில்லை. திருச்சியில் புது மின்கார் வாங்கியிருக்கும் என் தம்பிக்கும் இதெல்லாம் தேவையா?

பதில்: பேட்டரி கெடவில்லை. கெட்டுவிடக் கூடாது என்றுதான் உங்கள் கார் வேகத்தைக் குறைக்கிறது. அந்த உறையை வாங்காதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் அவை மெதுவாகத்தான் நுழையும். திருவிழா நாளில் கோயிலின் குறுகிய வாசலில் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். உள்ளே போக முடியாத லித்தியம், கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பங்கு திரும்ப வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், மோசமான நிலையில் உள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. அதனால் பேட்டரியைக் கவனிக்கும் கணினி, செல்களின் வெப்பநிலையைப் பார்த்து ‘இவ்வளவு மட்டும் கொடு’ என்று சார்ஜரிடம் சொல்கிறது. சார்ஜரில் எழுதியிருக்கிற 150 என்பது அது தரக்கூடிய உச்சம். எவ்வளவு வாங்குவது என்பதைக் கார்தான் முடிவு செய்கிறது.

காரணம் குளிர்தானா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சார்ஜ் போட்டதும் திரையில் தெரியும் கிலோவாட் எண்ணைக் குறித்துக்கொண்டு 20 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 25-இல் தொடங்கி 35, 45 என்று மெல்ல ஏறினால் குளிர்தான் காரணம். சார்ஜ் ஆகிற சூட்டிலேயே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிறது. எண் அசையாமல் அதே இடத்தில் நின்றால் சார்ஜர்மேல் சந்தேகப்படுங்கள். ஒரே பெட்டியின் மின்சாரத்தைப் பக்கத்துக் காரோடு பங்கு போடும் சார்ஜர்கள் நிறைய இருக்கின்றன; வேறொன்றில் போட்டுப் பாருங்கள். இன்னோர் அடையாளம், காலையில் வண்டி எடுத்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கம்போல வேகம் இழுத்துப் பிடிக்காது. பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் பேட்டரிக்குச் சார்ஜ்தான், குளிரில் அதையும் கார் மறுக்கிறது.

இனி ப்ரீகண்டிஷனிங். கைபேசி ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டி, உட்காரும் இடத்தைச் சூடாக்கிவிட்டுப் பேட்டரியும் சூடாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். டெஸ்லா போன்ற சில கார்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். வேறு பல கார்களில் அந்தப் பொத்தான் இருக்கையையும் கண்ணாடியையும் மட்டும்தான் சூடாக்கும். பேட்டரியைச் சூடாக்க, காரின் சொந்த வரைபடத்தில் வேகச் சார்ஜரைப் போகுமிடமாகக் கொடுக்க வேண்டும். கைபேசியைத் திரையோடு இணைத்து கூகுள் மேப்ஸில் வழி போட்டால், நீங்கள் சார்ஜருக்குப் போகிறீர்கள் என்பதே பெரும்பாலான கார்களுக்குத் தெரியாது. சூடேற்றல் தொடங்கிவிட்டால் திரையில் அதற்கான குறி வரும். அது வந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மின்கார் விற்கும் டீலர்கள் ‘ப்ரீகண்டிஷனிங் உண்டு’ என்று சொல்வது பல நேரம் இந்த இருக்கைச் சூட்டைத்தான். வாங்குமுன் அவர் முன்னாலேயே ஒரு சார்ஜரை வரைபடத்தில் போடச் சொல்லிக் குறியைப் பாருங்கள். சில மாடல்களில் ஒருசில வகைகளுக்கு மட்டும்தான் பேட்டரி ஹீட்டர் உண்டு.

நீங்கள் சரியாகவே போட்டிருந்தாலும் 10 நிமிடம் போதாது. உங்கள் பேட்டரிப் பெட்டி ஏறக்குறைய 480 கிலோ இருக்கும். காலையில் அது மைனஸ் 15-இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 20 டிகிரிக்குக் கொண்டுவர 35 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு 5 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 6 கிலோவாட் ஹீட்டர் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். 10 நிமிடத்தில் ஏறுவது 7 டிகிரிதான். மைனஸ் 15 மைனஸ் 8 ஆனதற்கு சார்ஜரில் என்ன வித்தியாசம் தெரியும்?

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். வீட்டில் சார்ஜர் இல்லாதவர்களுக்கு மிக நல்ல நேரம் மாலை, வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வந்த கையோடு. ஓடிய சூடு இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், காலைவரை தள்ளாதீர்கள். காலையில்தான் முடியும் என்றால் முதலில் கடை, கண்ணி வேலைகளை முடித்துக்கொண்டு, சார்ஜரைக் கடைசி இடமாக வைத்து, 40 நிமிடம் முன்பே வரைபடத்தில் போடுங்கள். கையால் தொடங்கும் பொத்தான் உங்கள் காரில் இருந்தால், அதை அழுத்திவிட்டுக் காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். பேட்டரியில் 30, 40% இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். 20%-ஐ ஒட்டிக் கீழே இறங்கிவிட்டால் பல கார்கள் சூடேற்றவே மறுத்துவிடும். மிச்சமுள்ள மின்சாரம் ஓடுவதற்கு வேண்டும் அல்லவா.

5 கிலோவாட் மணி வீண்தானே என்று கேட்பீர்கள். கட்டணம் நிமிடத்துக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு வேண்டியது 40 கிலோவாட் மணி. குளிர்ந்த பேட்டரியில் சராசரி 35 கிலோவாட் ஏறினால் கிட்டத்தட்ட 70 நிமிடம், 35 டாலர். சூடான பேட்டரியில் சராசரி 100 ஏறினால், சூடேற்றச் செலவான 5-ஐயும் சேர்த்து நிரப்பினாலும் 27 நிமிடம், 14 டாலருக்குள். நின்ற நேரத்துக்குக் காசு வாங்குவது என்பது பனிக்காலத்தில் சாதாரணக் குடும்பத்தின் பையில் கையை விடுகிற வேலை. ஏறிய மின்சாரத்தை அளந்து காசு வாங்க, அளவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான மெஷர்மென்ட் கனடா 2023-இல்தான் வேகச் சார்ஜர்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகும் நிமிடக் கணக்கை விடாத நிறுவனங்கள் இருக்கின்றன. பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்து நின்ற நேரத்துக்குக் காசு கேட்டால் ஒரு நாள் பொறுப்போமா? சார்ஜ் தொடங்குமுன் ஆப்பில் கட்டணம் நிமிடத்துக்கா, கிலோவாட் மணிக்கா என்று பாருங்கள். மைனஸ் 10-க்குக் கீழே போன நாளில் நிமிடக் கணக்கு சார்ஜரைத் தவிருங்கள்.

அந்த உறை விஷயம். பெட்ரோல் காருக்கு இங்கே எஞ்சினைச் சூடாக்க பிளாக் ஹீட்டர் மாட்டிய பழக்கத்தை வைத்து இதை விற்கிறார்கள். மின்காரின் பேட்டரி தரைக்கு அடியில், மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கிறது. வெளியே சுற்றும் சில நூறு வாட் உறையின் சூடு செல்களுக்குப் போவதைவிடக் காற்றில் போவதே அதிகம். அடிப்பகுதியில் எதையாவது திருகி மாட்டினால், பேட்டரி உத்தரவாதம் கேட்கப் போகும் நாளில் அதையே காட்டி உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும்.

மெதுவான சார்ஜுக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். 240 வோல்ட் சார்ஜரில் 7 கிலோவாட் அளவே போகிறது, தேவைப்பட்டால் கார் அதிலிருந்தே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் கட்டடத்துக் கார் நிறுத்தத்தில் பிளாக் ஹீட்டருக்கென்று 120 வோல்ட் சாக்கெட் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் 1.4 கிலோவாட்தான் கிடைக்கும், 10 மணி நேரத்துக்கு 14 கிலோவாட் மணி. விழித்திருக்கும் காரின் மின்னணுக் கருவிகளே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மைனஸ் 18-இல் பேட்டரி ஹீட்டரும் ஓடினால் மிச்சம் பாதியாகலாம், சில இரவுகளில் ஒன்றுமே ஏறாமலும் போகலாம். அதைப் பார்த்துச் சார்ஜர் பழுது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாதீர்கள். கிளம்பும் நேரத்தைக் காரில் காலை 6:30 என்று குறித்து வைத்தால், அதற்குமுன் ஓடும் 6 கிலோவாட் ஹீட்டருக்கு இந்தச் சாக்கெட்டால் முழுவதும் ஈடுகொடுக்க முடியாது, மீதி பேட்டரியிலிருந்துதான் போகும். இருந்தாலும் செருகியே வையுங்கள். கட்டட நிர்வாகம் அனுமதித்தால், சாக்கெட்டும் வயரும் தொடர்ந்து பல மணி நேரம் 12 ஆம்பியர் தாங்குமா என்று மட்டும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். செருகி ஒரு மணி நேரம் கழித்து, பிளக்கில் கைவைக்க முடியாத சூடு இருந்தால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பிக்குப் பேட்டரியைச் சூடாக்கும் வேலை இல்லை. அவருக்கு வேண்டியது குளிர்விப்பு. மே மாதம் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்டி, உளுந்தூர்பேட்டை பக்கம் மதியம் வேகச் சார்ஜரில் நின்றால், வெயில், ஓடிய சூடு, சார்ஜ் ஏறும் சூடு மூன்றும் ஒரே பேட்டரியில் சேரும். 50 டிகிரியை நெருங்கும்போது கார் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அந்தச் சூட்டில் செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைவது வேகமெடுப்பதுதான் காரணம். சார்ஜருக்கு 20 கி.மீ. முன்பே வேகத்தை 100-இலிருந்து 80-க்கு இறக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்குள் உண்டாகும் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும், குளிர்விப்பானுக்கும் அவகாசம் கிடைக்கும். நிழல் இருக்கிற சார்ஜராகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். சார்ஜ் ஆகும்போது முன்பக்க விசிறி இரைந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சார்ஜ் போடும் நேரம் அவருக்கு உங்களுக்கு நேர்மாறு. நீங்கள் வந்த கையோடு போட வேண்டும். அவர் கோடையில் வீட்டுக்கு வந்ததும் போடாமல், இரவில் வண்டி ஆறிய பிறகு போட வேண்டும். 100% நிரப்பிவிட்டுப் பகலெல்லாம் வெயிலில் நிறுத்தக் கூடாது. பேட்டரியைக் குளிர்விக்கிறேன் என்று கூலன்ட் மாற்றித் தரும் தெருமுனை மெக்கானிக்கிடம் போகவே வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனிவகைக் கூலன்டைக் கேட்கிறார்கள். அளவு குறைந்திருக்கிறது என்று அதில் குழாய்த் தண்ணீரையோ சாதாரணப் பச்சைக் கூலன்டையோ ஊற்றினால், பின்னால் வரும் செலவு பேட்டரி மாற்றும் அளவுக்கும் போகலாம். கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றச் சொல்லாமல் கசிவைத் தேடச் சொல்லி, நிறுவன சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோகட்டும்.