சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை: கோளாறு லேப்டாப்பிலா, கேபிளிலா?

"27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினேன். ஒரே டைப்-சி கேபிளில் படமும் வரும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும் என்றார்கள். போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிளைப் போட்டேன். சார்ஜ் ஏறுகிறது, திரையில் No Signal என்றுதான் வருகிறது. சர்வீஸ் கடைக்காரர் 'ஆல்ட் மோடு வேலை செய்யவில்லை, போர்டைப் பார்க்கணும், 6,500 ரூபாய் ஆகும்' என்கிறார். ஆல்ட் மோடு என்றால் என்ன? கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். முதலில் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். தெர்மோகோலுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில், கொஞ்சம் தடிமனான டைப்-சி கேபிள் ஒன்று அநேகமாக இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு வரும் இதே மாதிரி கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியிலேயே முடிந்துவிடுகின்றன.

டைப்-சி என்பது அந்த வாயின் வடிவத்துக்குத்தான் பெயர். உள்ளே எத்தனை கம்பிகள் ஓடுகின்றன என்பது கேபிளுக்குக் கேபிள் மாறும். முழுமையான கேபிளில் மின்சாரத்துக்குத் தனிக் கம்பிகள், பழைய யு.எஸ்.பி 2.0 வேகத்துக்கு ஒரு ஜோடி, அதிவேகத்துக்கு நான்கு ஜோடிகள், இரண்டு முனைகளும் பேசிக்கொள்ள ஒரு மெல்லிய கம்பி என எல்லாம் இருக்கும். போன் சார்ஜரோடு வருகிற கேபிளில் பெரும்பாலும் அந்த நான்கு அதிவேக ஜோடிகள் கிடையாது. போனுக்கு அவை தேவையில்லை, செம்பும் மிச்சம்.

ஆல்ட் மோடு என்பது அந்த நான்கு ஜோடிகளைப் பற்றிய ஏற்பாடு. சாதாரணமாக அவை கோப்புகளைக் கொண்டுபோக இருப்பவை. மானிட்டரைச் செருகியதும் மெல்லிய கம்பி வழியாக முதலில் மின்சாரப் பேச்சு நடக்கும்: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர். அப்புறம் "எனக்குப் படம் வேண்டும், உன்னால் தர முடியுமா?" என்ற பேச்சு. லேப்டாப் சரி என்றால், அதே ஜோடிகள் யு.எஸ்.பி வேலையை விட்டுவிட்டு, படத்தைக் கொண்டுபோகும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலைச் சுமக்கத் தொடங்கும். மாற்று வேலைக்குப் போவதால்தான் அந்தப் பெயர். உங்கள் கேபிளில் பேச்சு நடந்திருக்கிறது, மின்சாரமும் வந்திருக்கிறது. படம் போக வழி இல்லை, அவ்வளவுதான்.

லேப்டாப்பும் சம்மதிக்க வேண்டுமே என்றால், ஆமாம். கிராபிக்ஸ் சிப்பிலிருந்து அந்த டைப்-சி வாய்க்குத் தயாரிப்பாளர் இணைப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எந்த அப்டேட்டும் அதை வரவழைக்காது. வாய்க்குப் பக்கத்தில் P என்ற எழுத்து D-க்குள் நிற்பது போன்ற சின்னமோ, மின்னல் சின்னத்தோடு தண்டர்போல்ட் அடையாளமோ இருந்தால் படம் வரும். வெறும் பேட்டரி சின்னத்தை நம்ப வேண்டாம். சின்னமே இல்லையென்றால், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில் DisplayPort என்ற சொல் அந்த வாய்க்கு நேராக இருக்கிறதா பாருங்கள். இரண்டு டைப்-சி வாய் இருந்தால் ஒன்றில் மட்டும் இருக்கலாம். இந்த ஏற்பாடு 2014-இலேயே அறிவிக்கப்பட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு வாயைப் பார்த்து அது என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை, கேபிளைப் பார்த்துச் சொல்வது அதைவிட மோசம். இதற்குத் தரநிலை என்று பெயர்!

பெட்டியில் கேபிள் இல்லை, புதிதாக வாங்க வேண்டும் என்றால்தான் பொறி. கடையில் "100 வாட் கேபிள் சார், எல்லாம் வரும்" என்பார்கள். 100 வாட் என்பது 5 ஆம்பியர் மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 100 வாட், ஏன் 240 வாட் கேபிள்கூட உள்ளே யு.எஸ்.பி 2.0 மட்டும் உள்ளதாக இருக்கலாம். நானே ஒரு கடையில் நூல் சுற்றிய, பார்க்க லட்சணமான கேபிள் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அட்டையில் 100W என்று கொட்டை எழுத்து, கீழே பொடி எழுத்தில் 480Mbps. அந்தப் பொடி எழுத்துதான் உண்மை. அட்டையில் 10Gbps அல்லது அதற்கு மேலும், கூடவே 4K 60Hz என்றும் போட்டிருப்பதை வாங்குங்கள். நீளம் ஒரு மீட்டர் போதும்.

வீட்டில் இருக்கும் கேபிளைச் சோதிக்க எளிய வழி, டைப்-சி வாயுள்ள எஸ்எஸ்டி ஒன்றை அதே கேபிளில் மாட்டி ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுப்பது. நொடிக்கு 35, 40 எம்பி என்று நொண்டினால் அது சார்ஜ் கேபிள். 400-க்கு மேல் போனால் அதிவேகக் கம்பிகள் உள்ளே இருக்கின்றன.

படம் வந்த பிறகு உங்களுக்கு வரப்போகும் அடுத்த கேள்வியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், 4கே மானிட்டர் என்பதால். மவுஸ் அம்பு திரையில் விட்டுவிட்டு நகர்வது போல் தோன்றும். விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்று போய்ப் பார்த்தால் 60-க்குப் பதில் 30 ஹெர்ட்ஸ் இருக்கும், அதாவது திரையில் படம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. உடனே மானிட்டர் மோசம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மானிட்டரின் முதுகில் யு.எஸ்.பி வாய்கள் இருந்தால், அவற்றுக்கு வேகம் தருவதற்காக நான்கு ஜோடிகளில் இரண்டை அது எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சம் இரண்டு ஜோடிகளில், பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில், நொடிக்கு 8.6 ஜிகாபிட்தான் போகும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப ஏறக்குறைய 12.5 ஜிகாபிட் வேண்டும். போதாதென்று 30-க்கு இறங்கிவிடுகிறது. மானிட்டர் மெனுவில் USB-C Prioritization அல்லது அது போன்ற ஒரு வரி இருக்கும். அதில் High Resolution என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு ஜோடிகளும் படத்துக்கு வந்து 60 கிடைக்கும். ஆனால் முதுகு வாய்கள் யு.எஸ்.பி 2.0 வேகத்துக்கு இறங்கும். கீபோர்டு, மவுஸுக்குக் குறையில்லை. ஹார்டு டிஸ்க்கை மட்டும் லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகிக்கொள்ளுங்கள். லேப்டாப், மானிட்டர் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் இரண்டு ஜோடியிலேயே 4கே 60 மட்டுமட்டாக அடங்கிவிடும், இந்தத் தொல்லை வராது.

சார்ஜ் விஷயம் சுலபம். உங்கள் லேப்டாப் அடாப்டரின் அடியில் 20V 3.25A என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். மானிட்டரின் டைப்-சி வாய் அதே அளவோ அதற்கு மேலோ தர வேண்டும். சில மானிட்டர்கள் 15 வாட்தான் தருகின்றன. அது லேப்டாப்புக்கு உறை போடக் காணாது, அடாப்டரைத் தனியாகவே செருக வேண்டியிருக்கும்.

ஒருவேளை லேப்டாப்பில் ஆல்ட் மோடே இல்லை என்று தெரிந்தால், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றில் படம், பழைய அடாப்டரில் சார்ஜ். "டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ" சின்ன கன்வர்ட்டரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அந்தச் சாதாரண கன்வர்ட்டருக்கும் அதே ஆல்ட் மோடுதான் வேண்டும்.

பெட்டிக் கேபிளிலும் படம் வரவில்லை, ஆனால் லேப்டாப்பில் அந்தச் சின்னம் இருக்கிறது என்றால், அந்த மானிட்டரில் வேறொருவர் லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். அதில் படம் வந்தால்தான் உங்கள் லேப்டாப்பைக் கழற்ற வேண்டும். வாரண்டி இருந்தால் அந்தத் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்லுங்கள். 6,500 கேட்டவரிடம், எந்தக் கேபிளை வைத்துச் சோதித்தார் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.