டெர்பி ஷூ ஸ்கெட்ச்சில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால்

கேள்வி: "ஆம்பளைங்களுக்கான டெர்பி ஷூ ஒன்னு வரைஞ்சிருக்கேன், சைஸ் 42. பெரியமேட்டுல சாம்பிள் போடக் கொடுக்கணும். அளவு, தையல் கோடு, சோல் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க அண்ணா. மெட்டீரியல் ஓரத்துல எழுதியிருக்கேன்."

தம்பி, கை நன்றாக ஓடுகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் இப்படியே கொடுத்தால் நீ வரைந்த ஷூ வராது, மாஸ்டர் மனதில் இருக்கிற ஷூதான் வரும். எங்கெல்லாம் உன் தாள் பேசாமல் இருக்கிறதோ அங்கெல்லாம் அவர் தன் பழக்கப்படி வெட்டிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் வியாசர்பாடி பக்கம் ஒரு சாம்பிள் யூனிட்டில் பேட்டர்ன் வெட்டுகிறவன், அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதல் கேள்வி, எந்த லாஸ்ட்டுக்கு வரைந்தாய்? ஷூவை எந்த அச்சின் மேல் இழுத்து ஒட்டப் போகிறார்களோ அதைப் பார்க்காமல் வரைந்திருக்கிறாய் என்று சோலைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, லாஸ்ட் கையில் இல்லாமலும் பாதி வேலை பார்க்கலாம். A4 தாளை அளவு மாற்றாமல் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறாய், அதனால் அளக்க முடிந்தது. டோ முனையிலிருந்து குதிகால் பின்பக்கம் வரை உன் படத்தில் 210 மி.மீ. பிரெஞ்ச் சைஸில் ஒரு நம்பருக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், ஆக 42 என்றால் 280 மி.மீ. நீளம். டோ ரொம்பக் கூர்மையாக இருந்தால் இதற்கு மேலும் போகும், உன்னுடையது உருண்டை டோ, அதனால் 280 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உன் படம் நிஜ ஷூவில் முக்கால் பங்கு. படத்தில் எதை அளந்தாலும் அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் நிஜ அளவு வந்துவிடும். இதைத் தாளின் மூலையில் எழுதி வை.

இப்போது பின்பக்க உயரம். சோலுக்கு மேலே வரும் தோல் பகுதியான அப்பர் தொடங்கும் இடத்திலிருந்து பின் உச்சி வரை 57 வரைந்திருக்கிறாய், நிஜத்தில் 76 வரும். 42 சைஸ் லோ ஷூவுக்கு 60 முதல் 65 மி.மீ. வரைதான் வைப்போம். 76 வைத்தால் நடக்கும்போது குதிகால் நரம்பில் விளிம்பு உரசி, புது ஷூ போட்ட அன்றைக்கே தோல் உரிந்துவிடும். படத்தில் அதை 47க்கு இறக்கு. தரையிலிருந்து அளக்காதே, சோல் கனமும் சேர்ந்துவிடும். கணுக்கால் எலும்புக்குக் கீழே 36 வைத்திருக்கிறாய், நிஜத்தில் 48. அது சரி, தொடாதே.

பெரிய சிக்கல் முன்பக்கம் இருக்கிறது. டெர்பியில் பின்பக்கத் துண்டுகளான இரண்டு குவார்ட்டரும் முன்பக்கத் துண்டான வேம்ப்பின் மேல் மடல் மாதிரி ஏறி உட்காரும், லேஸ் ஓட்டை அந்த மடலில் வரும், இது உனக்கே தெரியும். அந்த மடலின் முன்முனை எதுவரை போகலாம் என்பதுதான் விஷயம். நடக்கும்போது கால் மடங்குவது விரல்கள் தொடங்கும் மூட்டில். சுண்டுவிரல் பக்க மூட்டு 42 சைஸில் குதிகாலிலிருந்து சுமார் 170 மி.மீ. தூரத்திலும், பெருவிரல் பக்க மூட்டு சுமார் 190லும் இருக்கும், மடிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் சாய்வாக விழும். நீ வரைந்தது வெளிப்பக்கம், ஆக உன் படத்தில் மடிப்பு குதிகாலிலிருந்து ஏறக்குறைய 128இல் தொடங்க வேண்டும். உன் மடல் 150 வரை நீட்டிக்கொண்டு போகிறது, நிஜத்தில் 200, அதாவது மடிப்பைத் தாண்டி 30 மி.மீ. முன்னால்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்? மடிகிற இடத்தில் ஒற்றைத் தோல் இருக்க வேண்டும். உன் டிசைனில் அங்கே வேம்ப், அதன் மேல் குவார்ட்டர், உள்ளே லைனிங், போதாததற்கு இரட்டைத் தையல், மடல் முனை பிரியாமலிருக்க நீ போட்டிருக்கிற டேக் தையல் வேறு. இத்தனையும் சேர்ந்து ஒரு கட்டையாகிவிடும், தோல் மடிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சாம்பிளைப் போட்டுப் பத்து நிமிடம் நடந்தாலே தெரிந்துவிடும்: மடிப்பு நேராக ஒரு கோடாக விழாமல் மடலின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று உடைந்து விழும், மடல் முனை வேம்ப்பை விட்டு மேலே தூக்கும், காலின் மேல் ஒரு விளிம்பு குத்தும். கொஞ்ச நாள் போட்டால் முதலில் அறுவது அந்த டேக் தையல்தான். நூல் சரியில்லை என்று சண்டைக்குப் போவார்கள், நூல் பாவம் என்ன செய்யும்.

திருத்துவது சுலபம். ஏழு ஐலெட், அதாவது லேஸ் ஓட்டை, போட்டிருக்கிறாய், ஒன்றுக்கொன்று 11 இடைவெளி. கீழே இருக்கிற இரண்டை எடுத்துவிடு. மடல் 22 பின்னால் வந்துவிடும், முனை சரியாக 128இல் நிற்கும். மிச்சம் ஐந்து ஐலெட், நிஜ இடைவெளி 15க்குக் கொஞ்சம் குறைவு, டெர்பிக்கு இது தாராளம். கூடவே டோவின் முன்பக்கம் இப்போது குட்டையாக, மூக்கு நறுக்கின மாதிரி தெரிகிறதே, அதுவும் நீண்டு சரியாகிவிடும். உன் கண்ணுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது, அதனால்தான் டோவை மூன்று தரம் அழித்து வரைந்திருக்கிறாய். அழிக்க வேண்டியது டோவை இல்லை, மடலை.

தையல் கோடுகள். எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறாய். எது இரண்டு துண்டை இணைக்கிற தையல், எது சும்மா அழகுக்கு என்று பிரித்துக் காட்டு, வேறு கலர் பேனா போதும். விளிம்பிலிருந்து முதல் தையல் ஒன்றரை மி.மீ., அதிலிருந்து இரண்டாவது தையல் 2 மி.மீ. இந்த இடைவெளியை முக்கால் அளவுப் படத்தில் காட்டவே முடியாது, அம்புக்குறி போட்டு எழுதிவிடு. ஓர் இன்ச்சுக்கு எத்தனை தையல் என்பதையும் எழுது. இந்த மாதிரி ஷூவுக்கு 9 அல்லது 10 சொல்வேன். ரொம்ப நெருக்கிப் போட்டால் ஊசி ஓட்டைகள் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

விளிம்பை மடித்துத் தைப்பதா, வெட்டினபடியே விட்டுச் சாயம் பூசுவதா என்று நீ எழுதவே இல்லை. மடிப்பதாக இருந்தால் பேட்டர்னில் 5 மி.மீ. கூடுதலாக வைப்போம், ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவோம். இது தெரியாமல் பேட்டர்ன் வெட்டவே முடியாது. உன் மடலுக்கு அடியில் ஒரு குறுகலான உள்வளைவு இருக்கிறது, அங்கே மடிக்க வேண்டுமானால் சின்னச் சின்னதாகக் கத்தரி போட வேண்டும், எவ்வளவு நல்ல கை என்றாலும் கொஞ்சம் பிசிறு தெரியும். நான் என்றால் அந்த வளைவை அகலமாகத் திறந்துவிடுவேன்.

அப்புறம் அந்த அலங்காரத் தையல், சோலுக்கு 6 மி.மீ. மேலே ஷூவைச் சுற்றி ஓடுகிறதே, அதை எடுத்துவிடு. தாளில் பிரமாதமாக இருக்கும். ஆனால் லாஸ்ட் மேல் தோலை இழுத்து ஒட்டும்போது இடது காலுக்கு ஒரு மில்லி கூட, வலது காலுக்கு ஒரு மில்லி குறைய இழுபடுவது சகஜம். சோலுக்கு இணையாக ஒரு கோடு இல்லாவிட்டால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இருந்தால், ஜோடியைப் பக்கத்தில் வைத்த உடனே ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தெரியும். சோலை நோக்கி இறங்கி வந்து முடிகிற கோட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டோ கேப் கோடு அப்படித்தான் இருக்கிறது, அது இருக்கட்டும்.

இனி சோல். முன்பக்கக் கனம் படத்தில் 9, நிஜத்தில் 12. ஹீல் பக்கம் மொத்த உயரம் 34, நிஜத்தில் 45. ஹீலிலிருந்து முன்பக்கக் கனத்தைக் கழி, 33 வருகிறது. லாஸ்ட்டின் குதிகால் எவ்வளவு தூக்கி நிற்க வேண்டுமோ அந்த அளவு அது. ஆனால் கடையில் ஆண்கள் ஃபார்மல் லாஸ்ட் என்று கேட்டால் பெரும்பாலும் 25 மி.மீ. ஹீலுக்குச் செய்ததுதான் கிடைக்கும். 25 லாஸ்ட்டை 33 சோலில் ஒட்டினால் ஷூ முன்னால் கவிழும், டோ தரையைத் தொடும், நடக்கும்போது முனை தட்டும். உன் படத்திலேயே பார், டோ தரையில் ஒட்டிக் கிடக்கிறது. அங்கே சுமார் 10 மி.மீ. தூக்கல் வேண்டும், இந்த மாதிரி கெட்டியான சோல் அதிகம் வளையாது, கால் உருண்டு எழுந்திருக்க அந்தத் தூக்கல்தான் உதவும். ஹீல் உயரத்தைப் படத்தில் 28க்கு இறக்கினால் நிஜத்தில் 37, கழித்தால் 25, கணக்கு நேராகிவிடும்.

ஆனால் ஒன்று, சோலை நீயாக வடிவமைக்காதே. புது மோல்டு போடுகிற செலவு ஒரு சாம்பிளுக்குத் தாங்காது. பெரியமேட்டில் ரெடிமேட் சோல் விற்கிற கடைகளில் லாஸ்ட்டைக் கையோடு எடுத்துப் போ, சோல் மேல் உட்கார வைத்துப் பார், சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிகிற சோலை வாங்கி, அதைப் பக்கவாட்டில் தாளில் வைத்துக் கோடு இழுத்து, அப்புறம் அதன் மேல் அப்பரை வரை.

மெட்டீரியல் குறிப்பில் "பிரவுன் ஆயில் புல்-அப் லெதர், ரப்பர் மாதிரி சோல்" என்று மட்டும் இருக்கிறது. மாட்டுத் தோலா, எருமைத் தோலா, கனம் எவ்வளவு என்று கடையில் முதலில் கேட்பார்கள். இதற்கு மாட்டுத் தோல், 1.2 முதல் 1.4 மி.மீ. என்று எழுது, லைனிங் 0.8 முதல் 1 வரை. புல்-அப் தோல் இழுத்த இடத்தில் வெளுக்கும், அதன் குணமே அது. டோவில்தான் அதிகம் இழுப்போம், ஆக டோ மற்ற இடத்தை விட வெளிறித்தான் வரும். உனக்கு அது பிடிக்கும் என்றால் அப்படியே எழுது, இல்லையென்றால் மாஸ்டர் சாயம் பூசி மறைத்துவிடுவார். இன்னொன்று, எண்ணெய் ஏறின தோலில் பசை சரியாகப் பிடிக்காது, அடிப்பக்கம் நன்றாகச் சுரண்டி ஒட்ட வேண்டும். சோல் டி.பி.ஆர் என்கிற தெர்மோபிளாஸ்டிக் ரப்பரா, பி.யூ என்கிற பாலியூரித்தேனா என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் டி.பி.ஆருக்கு முதலில் தனியாக ஒரு பிரைமர் அடிக்க வேண்டும், அதை விட்டால் சோல் கையோடு பிரிந்து வரும். "ரப்பர் மாதிரி" என்று எழுதினால் எந்த டப்பாவைத் திறப்பது என்று ஒட்டுகிறவருக்குத் தெரியாது.

உள்பக்கப் படம் ஒன்றும் வேண்டும். கணுக்கால் எலும்பு வெளியே தாழ்வாகவும் உள்ளே உயரமாகவும் இருப்பதால் உள்பக்க மேல்விளிம்பு சில மில்லி உயரமாக வரும், மடிப்புக் கோடும் அங்கே முன்னால் தள்ளிப் போகும், மேலே சொன்ன 190 நினைவிருக்கட்டும். இதையெல்லாம் திருத்தின பிறகு லாஸ்ட் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, முன்னும் பின்னும் நடுக்கோடு போட்டு, டேப்பின் மேலேயே பென்சிலால் டிசைனை வரைந்து பார். தாளில் நேராக இருந்த டோ கேப் கோடு அங்கே தொங்கினால் அங்கேயே அழித்து ஏற்று. அந்த லாஸ்ட்டோடு போய் மாஸ்டரைப் பார், முதலில் விலை குறைந்த தோலில் ஒரே ஒரு கால் மட்டும் போட்டுத் தரச் சொல்.

லாஸ்ட் வாங்கினதும் டேப் ஒட்டின படத்தைக் கமெண்ட்டில் போடு, வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டும்.