5 பேர் சோதித்தார்கள், 14 குறைகள்: எதை முதலில் சரிசெய்வது?

"வீட்டில் அரைக்கும் சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி விற்க இணையதளம் வைத்திருக்கிறேன். 5 பேரிடம் கொடுத்து, ஒரு பொடி வாங்கச் சொல்லிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 14 குறைகள் சேர்ந்தன. 4 பேர் நிறம் பிடிக்கவில்லை என்றார்கள். 3 பேர் பின்கோடு கட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் இரண்டு முறை பணம் கட்டிவிட்டார். தளம் செய்துகொடுத்தவர், '80 சதவீதம் பேருக்கு டிசைனே பிடிக்கவில்லை, மொத்தமாக மாற்றிவிடலாம்' என்கிறார். எதை முதலில் செய்வது?"
வாசகி, கோவை

முதலில் இரட்டைப் பணம். அடுத்தது பின்கோடு. நிறத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

நிறம் பிடிக்கவில்லை என்ற நான்கு பேரில் யாராவது அதனால் பொடி வாங்காமல் நின்றார்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மனிதர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள், நிறம்தான் சட்டென்று வாயில் வரும். சோதனையில் அவர்கள் சொன்னதை ஒரு பக்கம் வையுங்கள், கை செய்ததை மட்டும் எண்ணுங்கள். யாராவது கையை நிறுத்தினாரா, திரும்பிப் போனாரா, உங்கள் முகத்தைப் பார்த்தாரா? நீங்கள் "அங்கே அழுத்துங்க" என்று சொன்ன பிறகு முடித்தவரையும் முடிக்காதவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அந்த 80 சதவீதம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 5 பேரை வைத்துக்கொண்டு சதவீதம் பேசவே கூடாது. பின்கோட்டில் 5 பேரில் 3 பேர் மாட்டினார்கள் என்றால், உங்கள் வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாட்டலாம், பத்தில் ஒன்பது பேரும் மாட்டலாம். அவ்வளவு அகலம். சிறிய சோதனை எங்கே தடுக்குகிறது என்று காட்டும், எத்தனை பேருக்குத் தடுக்கும் என்று காட்டாது. இது தெரிந்தும் வட்ட வரைபடம் போட்டு, சதவீதம் காட்டி, புது டிசைனுக்கு விலைப்பட்டியல் நீட்டுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். சிறு வியாபாரிகள் இதில் பணத்தை இழப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மொத்தமாக மாற்றினால் இன்று ஒழுங்காக வேலை செய்கிற இடங்களும் கெடும், புதுக் குறைகள் வரும், அதற்கும் பில் வரும்.

சரி, ஒரே ஒருவருக்கு நடந்தது எப்படி முதலிடத்துக்கு வந்தது? பொதுவாக எத்தனை பேர் தடுமாறினார்கள், வேலை நின்றதா, பழகிய பிறகும் அதே இடத்தில் மாட்டுவார்களா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துவோம். பணம் போவது, தவறான முகவரிக்குப் பார்சல் போவது மாதிரியானவற்றுக்கு மட்டும் தலை எண்ணிக்கை தேவையில்லை. பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல் 5 பேர் சோதனையில் கண்ணில் படவே 41 சதவீத வாய்ப்புதான் உண்டு. அது ஒருமுறை பட்டதே உங்கள் நல்ல நேரம். "ஒருத்தர்தானே" என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

அந்த ஒருவரின் ஃபோனில் நடந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யூபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறார். பேமென்ட் கேட்வேயிலிருந்து தகவல் வரச் சில நொடிகள் ஆகின்றன. அதுவரை திரையில் பழைய "பணம் செலுத்து" பட்டனே நிற்கிறது. பணம் போகவில்லையோ என்று மறுபடி அழுத்துகிறார். ஒருமுறை அழுத்தியதும் பட்டன் செயலிழந்து, "பணம் வந்ததா எனப் பார்க்கிறோம், மறுபடி அழுத்த வேண்டாம்" என்று வர வேண்டும். அதோடு, ஒரே ஆர்டர் எண்ணுக்கு இரண்டாவது பணத்தை சர்வரே ஏற்கக் கூடாது. இதை டெவலப்பரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பட்டனை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்பார்கள்.

பின்கோட்டில், அவர்கள் என்ன தட்டினார்கள் என்று உங்கள் குறிப்பில் பாருங்கள். தபால் உறையில் எழுதுவது போல 641 012 என்று நடுவில் இடம் விட்டிருந்தால், கட்டம் அதை ஏழு எழுத்தாக எண்ணித் தள்ளியிருக்கும். உங்கள் பட்டியலில் "கட்டம் சிவப்பாகிறது", "அடுத்த பக்கம் போகவில்லை", "பின்கோடு ஏற்கவில்லை" என்று தனித்தனியாக இருப்பவை எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வந்தவையாக இருக்கலாம். இப்படிக் காரணம் வாரியாகச் சேர்த்தால் 14 என்பது ஆறோ ஏழோ ஆகிவிடும். இடைவெளியை நீக்கிவிட்டு எண்ணைப் படிக்கச் சொல்வது டெவலப்பருக்குச் சில நிமிட வேலை. அதற்கு ஒரு நாள் கூலி கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்த இரண்டையும் சரிசெய்ததும், தளத்தை இதுவரை பார்க்காத 3 பேரைக் கூப்பிடுங்கள். பழைய 5 பேர் வேண்டாம், அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. விலையை ஒரு ரூபாய் ஆக்கி, உண்மையாகவே யூபிஐயில் கட்டச் சொல்லுங்கள். பணம் கட்டித் திரும்பியதும் அவர்கள் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.